"இப்போதைய வேலையை ஏன் விடுகிறீர்கள்?" – மின்னஞ்சலில் வரும் ஒரு கேள்வியும் மூன்று நாள் பதிலும்

கிளிநொச்சியில் ஒரு மாலை நேரம். தேநீர் ஆறிக்கொண்டிருந்தது. எதிரே இருந்த சகோதரி தன் தொலைபேசியை என்னிடம் நீட்டினார். திரையில் ஐந்து கேள்விகளுடன் ஒரு மின்னஞ்சல். இப்போதைய சம்பளம் எவ்வளவு, எதிர்பார்க்கும் சம்பளம் எவ்வளவு, முன்னறிவித்தல் காலம் எத்தனை நாள், வேறு மாவட்டத்தில் வேலை செய்ய முடியுமா, இப்போதைய வேலையை ஏன் விடுகிறீர்கள்.

"நாலுக்கும் பத்து நிமிசத்தில எழுதிட்டன் அக்கா. கடைசிக் கேள்விக்கு மட்டும் மூண்டு நாள். எழுதி அழிச்சு, எழுதி அழிச்சு, கடைசியா உண்மையை எழுதி அனுப்பினன். ஒரு பதிலும் வரேல்லை."

அவர் ஒரு நுண்கடன் நிறுவனத்தில் கள உத்தியோகத்தர். நான்கு வருடமும் எட்டு மாதமும் அங்கே வேலை செய்கிறார். விண்ணப்பித்திருந்தது ஓர் அரச சார்பற்ற நிறுவனத்தின் வாழ்வாதார உத்தியோகத்தர் பதவிக்கு. அந்த நிறுவனத்துக்காக ஆட்களைத் தெரிவுசெய்யும் கொழும்பு முகவர் ஒருவர்தான் மின்னஞ்சலை அனுப்பியிருந்தார்.

அவர் அனுப்பிய பதிலை வாசித்தேன். ஏறக்குறைய 400 சொற்கள். கிளை முகாமையாளரின் பேச்சு, மாத இலக்கு, தவணை கட்டாத வீட்டில் இரவு எட்டு மணி வரைக்கும் குந்தியிருக்கச் சொன்னது, அப்படி இருந்த ஒரு வீட்டில் 2009இல் கணவனை இழந்த பெண் தன் பிள்ளைக்குக் கஞ்சி ஊற்றிக் கொடுத்துவிட்டு இவருக்கும் ஒரு கோப்பை கொண்டுவந்து வைத்தது, தன் அம்மாவும் அப்படித்தான் தன்னை வளர்த்தார் என்பது. "அந்தக் கஞ்சியைக் குடிச்சிட்டு அந்த அம்மாவிட்டக் காசு கேக்க எனக்கு ஏலாமல் போச்சு" என்று முடித்திருந்தார்.

எழுத்தாக அது நல்ல எழுத்து. நானே ஒரு கட்டுரையில் அதைப் பயன்படுத்த ஆசைப்பட்டேன். ஆனால், அந்த மின்னஞ்சலுக்கு அது பதில் அல்ல. ஏன் அல்ல என்பதை விளங்கிக்கொள்ள, அந்தக் கேள்வியைக் கேட்பவர் மேசையில் என்ன நடக்கிறது என்று முதலில் பார்க்க வேண்டும்.

கேட்பவர் முடிவெடுப்பவர் அல்ல

கொழும்பில் சில வருடங்கள் ஆட்சேர்ப்பு வேலை பார்த்த நண்பர் ஒருவரிடம் கேட்டேன். அவர் சொன்னது இதுதான். விண்ணப்பங்கள் குவிந்ததும் சுயவிபரக்கோவைகளைப் பார்த்து ஒரு பகுதியினரைப் பிரித்தெடுப்பார்கள். அவர்களுக்கு ஒரே மின்னஞ்சல் போகும். வரும் பதில்களை ஓர் எக்செல் தாளில் ஒட்டுவார்கள். ஒவ்வொருவருக்கும் ஒரு வரிசை, ஒவ்வொரு கேள்விக்கும் ஒரு நிரல். சம்பளம், முன்னறிவித்தல், விலகும் காரணம். அந்தக் காரணத்துக்கான பெட்டி இரண்டு விரல் அகலம்தான் இருக்கும். பிறகு தாள் அப்படியே வேலை கொடுக்கும் நிறுவனத்தின் முகாமையாளருக்குப் போகும். நேர்முகத்துக்கு யாரைக் கூப்பிடுவது என்று தீர்மானிப்பவர் அவர்தான்.

400 சொற்களை இரண்டு விரல் அகலப் பெட்டிக்குள் போட முடியாது. முகவர் அதைத் தானே சுருக்குவார். எப்படிச் சுருக்குவார்? "முகாமையாளருடன் பிரச்சினை." அல்லது, "வேலை அழுத்தம்." மூன்று நாள் உட்கார்ந்து எழுதியவருடைய காரணம், அவரைத் தெரியாத ஒருவர் எழுதிய இரண்டு சொல்லாகிவிடும். நாம் சுருக்காவிட்டால் வேறொருவர் சுருக்குவார். அவருக்கு நம்மைப் பற்றிக் கவலை இருக்க வேண்டிய அவசியமில்லை.

அந்தப் பெட்டியை வாசிப்பவர் தேடுவது மிகச் சில விடயங்களை. இவர் எதை விட்டு ஓடுகிறாரோ அது எங்கள் வேலையிலும் இருக்கிறதா? இருந்தால் ஆறு மாதத்தில் இங்கிருந்தும் போய்விடுவார். சம்பளம் மட்டும்தான் காரணமா? அப்படியென்றால் பழைய நிறுவனம் ஐயாயிரம் கூட்டிக் கொடுத்தால் அங்கேயே நின்றுவிடுவார், எங்கள் இரண்டு மாத உழைப்பு வீண். பிறகு விசாரித்துப் பார்க்கும்போது வெளிவரக்கூடிய ஏதாவது இருக்கிறதா? இவ்வளவுதான். உங்கள் காரணம் நியாயமானதா, உங்களுக்கு அநீதி நடந்ததா என்ற கேள்வி அந்தத் தாளில் எங்குமே இல்லை.

இங்கேதான் நம்மவர்களுக்கு ஒரு சிக்கல் இருக்கிறது என்று எனக்குப் படுகிறது. 2009க்குப் பிறகு நாம் எத்தனை பேரிடம் காரணம் சொல்லியிருக்கிறோம்! மீள்குடியேற்றப் படிவம், வீட்டுத்திட்டப் படிவம், நல்லிணக்க ஆணைக்குழு, காணாமல் ஆக்கப்பட்டோர் பற்றிய ஆணைக்குழு, பிறகு காணாமல் போனோர் அலுவலகம். ஒவ்வொரு இடத்திலும் முழுவதையும் சொல்ல வேண்டியிருந்தது. திகதி, இடம், சாட்சி. எதையாவது விட்டால் "ஏன் முதலில் சொல்லவில்லை?" என்று கேட்டார்கள். அம்மாமார் கோப்புகளைச் சுமந்துகொண்டு அலைந்ததைப் பார்த்து வளர்ந்த பிள்ளைகள், "ஏன்?" என்று யாராவது கேட்டால் வாக்குமூலம்தான் கொடுப்பார்கள். அது அவர்களுடைய பிழை அல்ல. ஆனால், வேலைக்கு ஆள் தேடுபவர் கேட்கும் "ஏன்" வேறு வகையானது. அங்கே முழுவதையும் சொல்லாமல் விடுவது பொய் சொல்வதாகாது.

அந்தப் பதிலைத் திருப்பி எழுதியது

இரண்டாவது ஒரு நிறுவனத்திலிருந்து அதே கேள்வி அவருக்கு வந்தபோது நாங்கள் இருவரும் சேர்ந்து உட்கார்ந்தோம். பதவி ஏறக்குறைய அதுவேதான்: பெண்கள் குழுக்களுக்கு வாழ்வாதாரப் பயிற்சி, சிறு தொழில் தொடங்க உதவி.

முதலில் வேலை விளம்பரத்தைத் திறந்து வைத்துக்கொண்டோம். பதில் எழுதும்போது பெரும்பாலானோர் தங்கள் பழைய வேலையைத்தான் நினைத்துக்கொண்டு எழுதுகிறார்கள். விளம்பரத்தைப் பக்கத்தில் வைத்தால் கேள்வி மாறிவிடும். எதை விட்டுப் போகிறேன் என்பதோடு எதை நோக்கிப் போகிறேன் என்பதையும் எழுத வேண்டும் என்று அது நினைவூட்டும்.

பிறகு பழைய பதிலிலிருந்து ஒவ்வொரு வாக்கியமாக எடுத்து, "இது புதிய வேலையைப் பற்றி ஏதாவது சொல்கிறதா?" என்று கேட்டோம். கிளை முகாமையாளர் பற்றியது எல்லாம் போயிற்று. அது உண்மைதான். ஆனால், வாசிப்பவருக்கு அந்த முகாமையாளரையும் தெரியாது, இவரையும் தெரியாது. இரு தரப்பில் ஒரு தரப்பை மட்டும் கேட்கும்போது பெரும்பாலானோர் சந்தேகப்படுவது எழுதியவரைத்தான். இன்னொன்று, வடக்கு சிறிய இடம். இந்த மின்னஞ்சல் எத்தனை பேருக்கு முன்னனுப்பப்படும் என்று யாருக்கும் தெரியாது. பழைய முகாமையாளரின் மச்சான் புதிய நிறுவனத்தில் கணக்காளராக இருப்பது எங்கள் ஊரில் நடக்காத கதையா?

கஞ்சிக் கதையை அவர் விட மனமில்லாமல் இருந்தார். "அதுதானே அக்கா உண்மையான காரணம்?" ஆம், அதுதான். நான் கேட்டேன்: அந்த அம்மாவின் வீட்டில் உமக்கு ஏலாமல் போனது எது? காசு கேட்பது. வேறு என்ன செய்ய விரும்பினீர்? கொஞ்ச நேரம் யோசித்தார். அந்த அம்மா கோழி வளர்க்க எடுத்த கடன் அது. கோழிக்கு நோய் வந்து செத்தபோது யாரும் வழி சொல்லவில்லை. தடுப்பூசி எப்போது போடுவது என்றுகூட அவருக்குத் தெரியாது. "கடனைக் குடுத்திட்டு அதைப் பற்றிச் சொல்லிக் குடுக்காமல் வாறதுதான் எனக்கு அந்தரம்" என்றார்.

அதுதான் பதில். கஞ்சிக் கோப்பையை வெளியே எடுத்தாலும் காரணம் அப்படியே இருக்கிறது. கடைசியில் அனுப்பியது இது. ஆங்கிலத்தில் எழுதியதைத் தமிழில் தருகிறேன்:

"நான்கு வருடங்களுக்கு மேலாக நுண்கடன் கள உத்தியோகத்தராக இருக்கிறேன். பெண்கள் குழுக்களை அமைத்து, அவர்களின் கடன் விண்ணப்பங்களையும் தவணைகளையும் கவனிக்கிறேன். இப்பதவியில் இப்போது பெரும்பகுதி நேரம் தவணை அறவிடுவதிலேயே போகிறது. கடனெடுத்தவர்கள் தொழிலை நடத்தத் தேவையான பயிற்சியும் பின்தொடர்தலும் கொடுக்கும் வேலைக்கு மாற விரும்புகிறேன். உங்கள் விளம்பரத்தில் அதுவே முதன்மைப் பணியாக இருந்ததால் விண்ணப்பித்தேன்."

ஐந்து வாக்கியம். இதில் பொய் எதுவும் இல்லை. பழைய நிறுவனத்தின் மீது குற்றச்சாட்டும் இல்லை. முதல் இரண்டு வாக்கியமும் அனுபவத்தைச் சொல்கின்றன, மூன்றாவது விலகும் காரணம், கடைசி இரண்டும் வரும் காரணம். முகவர் சுருக்கினாலும் "அறவீட்டுப் பணியிலிருந்து பயிற்சிப் பணிக்கு மாற விருப்பம்" என்றுதான் வரும். அந்தப் பெட்டிக்குள் அது அடங்கும்; இவருக்குப் பாதகமும் இல்லை.

அனுப்ப முன் ஒரு சோதனை செய்தோம். நான் முகவராக நடித்துத் தொலைபேசியில் கேட்டேன்: "ஏன், அறவீடு உங்களுக்குக் கஷ்டமா? எங்கள் திட்டத்திலும் சுழற்சி நிதி இருக்கிறது, திருப்பிச் செலுத்தச் சொல்லி நீங்கள்தான் கேட்க வேண்டி வரும்." முதல் தடவை தடுமாறினார். இரண்டாவது தடவை, காசு கேட்பதில் பிரச்சினை இல்லை, தொழில் நடக்கிறதா என்று பார்த்துவிட்டுக் கேட்பதுதான் சரியென்று நினைக்கிறேன் என்றார். எழுதிய ஒவ்வொரு வாக்கியத்தைப் பற்றியும் இரண்டு நிமிடம் பேச முடியாவிட்டால் அந்த வாக்கியத்தை எழுதக் கூடாது. மின்னஞ்சலில் சொன்னதையும் நேர்முகத்தில் சொல்வதையும் ஒப்பிட்டுப் பார்ப்பார்கள் என்று என் நண்பரும் சொன்னார்.

ஆங்கிலம் பற்றி ஒரு சொல். கனடாவிலுள்ள மச்சாளிடம் கொடுத்து அழகான ஆங்கிலத்தில் எழுதுவிக்கும் பழக்கம் நம்மிடம் இருக்கிறது. எழுத்துப் பிழை பார்க்கச் சொல்வது நல்லதுதான். ஆனால், மச்சாளின் ஆங்கிலத்தில் மின்னஞ்சல் போய், அடுத்த நாள் தொலைபேசியில் உங்கள் ஆங்கிலம் கேட்டால் அந்த இடைவெளிதான் கவனிக்கப்படும். சிறிய வாக்கியங்கள் போதும்.

திட்டம் முடிந்தவர்களும் நிறுத்தப்பட்டவர்களும்

வன்னியில் வேலை விடும் காரணங்களில் அதிகம் கேள்விப்படுவது செயற்றிட்டம் முடிவது. நிதி முடிந்தால் ஒப்பந்தம் முடியும். இது எழுத மிகச் சுலபமான காரணம். ஆனால், பலர் இதை வெட்கத்துடன் எழுதுகிறார்கள். 2025 ஜனவரி 20இல் அமெரிக்க ஜனாதிபதி வெளிநாட்டு உதவிகளை 90 நாட்களுக்கு நிறுத்திவைக்கும் கட்டளையில் கையொப்பமிட்ட பிறகு, அந்த நிதியை நம்பியிருந்த திட்டங்கள் திடீரென நின்றன. அப்படி வேலை இழந்த ஒருவர் தன் விண்ணப்பத்தில் "சொந்தக் காரணங்களுக்காக விலகினேன்" என்று எழுதியிருந்தார். ஏன் என்று கேட்டேன். "நிப்பாட்டிட்டாங்கள் எண்டு எழுதினால் என்னில பிழை எண்டு நினைப்பாங்கள்."

உண்மையில் நடப்பது அதற்கு எதிர்மாறு. "சொந்தக் காரணம்" என்பதுதான் சந்தேகத்தைக் கிளப்பும். "நன்கொடையாளரின் நிதி நிறுத்தப்பட்டதால் திட்டம் குறித்த திகதிக்கு முன்னரே முடிவடைந்தது; திட்டத்தின் களப் பணியாளர் அனைவரின் ஒப்பந்தமும் அத்துடன் முடிந்தது" என்று மாதத்தையும் சேர்த்து எழுதினால் கேள்வியே எழாது. "அனைவரின்" என்ற சொல் முக்கியம். உங்களை மட்டும் தனியாக எடுத்து நிறுத்தவில்லை என்பதை அது சொல்லிவிடுகிறது. உங்களை மட்டும்தான் நிறுத்தினார்கள் என்றால் அந்தச் சொல்லைப் போடக் கூடாது.

உண்மையிலேயே வேலையிலிருந்து நீக்கப்பட்டவர் நிலை கஷ்டமானது. "நானாக விலகினேன்" என்று எழுதத் தூண்டும். அதைச் செய்ய வேண்டாம். புதிய நிறுவனம் சேவைச் சான்றிதழ் கேட்கும், அல்லது பழைய இடத்துக்கு ஒரு தொலைபேசி அழைப்பு எடுக்கும். அப்போது பிடிபட்டால், நீக்கப்பட்டதைவிடப் பொய் சொன்னதுதான் பெரிய குற்றமாகத் தெரியும். ஒரே வாக்கியத்தில், எந்தத் தரப்பையும் தாக்காமல், "பரீட்சார்த்தக் காலத்தின் முடிவில் நிறுவனம் என்னை நிரந்தரமாக்கவில்லை, விற்பனை இலக்கை நான் எட்டவில்லை" என்று எழுதி, அடுத்த வாக்கியத்தில் இந்த வேலை அதிலிருந்து எப்படி வேறுபடுகிறது என்று சொல்லலாம். சிலர் கூப்பிட மாட்டார்கள். அது உண்மை. கூப்பிடுபவர்கள் தெரிந்துகொண்டு கூப்பிடுகிறார்கள்.

சம்பளம் காணாது என்பதும் எழுதத் தடைசெய்யப்பட்ட காரணம் அல்ல. 2022 நெருக்கடியில் பொருள் விலை ஏறிய வேகத்தில் யாருடைய சம்பளமும் ஏறவில்லை என்பது கொழும்பில் இருப்பவருக்கும் தெரியும். ஆனால், அதை முதல் வாக்கியமாகவும் ஒரே வாக்கியமாகவும் எழுதக் கூடாது. எதிர்பார்க்கும் சம்பளத்துக்கென்று தனிக் கேள்வி இருக்கிறதே, தொகையை அங்கே எழுதலாம்.

பாலியல் தொந்தரவு, சம்பளம் மாதக்கணக்கில் கொடுபடாமை போன்றவை வேறு. அவற்றை மூடி மறைக்கச் சொல்லவில்லை. கொடுபடாத சம்பளத்துக்குத் தொழில் திணைக்களத்தின் மாவட்ட அலுவலகத்தில் முறைப்பாடு செய்யலாம். தொந்தரவு பொலிஸில் முறையிடக்கூடிய குற்றம். அங்கே வாக்குமூலம் முழுமையாக, திகதியோடு இருக்க வேண்டும். வேலை தேடும் மின்னஞ்சலில் "பணிச்சூழல் எனக்குப் பொருந்தவில்லை, நேர்முகத்தில் கேட்டால் விளக்கத் தயார்" என்பது போதும்.

எழுதாமல் விடக்கூடாத இரண்டு

ஒன்று, இரகசியம். இந்தப் பதிலை அலுவலக மின்னஞ்சலிலிருந்தோ அலுவலகக் கணினியிலிருந்தோ அனுப்ப வேண்டாம். கடைசியில் "தெரிவு உறுதியாகும் வரை தற்போதைய நிறுவனத்தைத் தொடர்புகொள்ள வேண்டாம்" என்று ஒரு வரி சேர்த்துவிடுங்கள். அதை யாரும் தவறாக எடுப்பதில்லை. நான் ஓர் ஊடக நிறுவனத்தை விட்டு வெளியேற முயன்றபோது இந்த வரியை எழுத மறந்தேன். மூன்றாம் நாள் ஆசிரியர் என்னைக் கூப்பிட்டு, "போறீங்களாம்?" என்றார். புதிய வேலை கிடைக்கவுமில்லை.

மற்றது, திகதி. இந்தச் சகோதரிக்கு நான்கு வருடமும் எட்டு மாதமும் என்று சொன்னேன் அல்லவா? 1983ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கப் பணிக்கொடைச் சட்டத்தின்படி, 15 பேர் அல்லது அதற்கு மேல் வேலை செய்யும் நிறுவனத்தில் ஐந்து வருடம் பூர்த்தி செய்தவருக்கே பணிக்கொடை கிடைக்கும். மாதச் சம்பளம் பெறுபவருக்கு, பூர்த்தியான ஒவ்வொரு வருடத்துக்கும் அரை மாதச் சம்பளம். அவருடைய அடிப்படைச் சம்பளம் 60,000 ரூபா என்று வைத்துக்கொண்டால், அரை மாதத்துக்கு 30,000. ஐந்து வருடத்துக்கு 150,000 ரூபா. நான்கு மாதம் முன்னதாக விலகினால் அது முழுவதும் போய்விடும். ஊழியர் சேமலாப நிதி அப்படியல்ல, நிறுவனம் மாறினாலும் கணக்கில் இருக்கும்.

இதை அவர் யோசித்திருக்கவில்லை. விலகும் காரணம் எழுதும்போது விலகும் திகதியும் கூடவே வந்துவிடுகிறது. முன்னறிவித்தல் காலம் எத்தனை நாள் என்ற கேள்விக்கு ஒப்பந்தப்படி ஒரு மாதம் என்று எழுதினால், முகவர் அதைப் பிடித்துக்கொண்டு அடுத்த மாதமே வரச் சொல்வார். அதனால் அந்தக் கேள்விக்கு, "ஒப்பந்தப்படி ஒரு மாதம், ஐந்து வருடச் சேவை பூர்த்தியாகும் திகதிக்குப் பின் இணைய முடிந்தால் வசதி, ஆனால் பேசலாம்" என்று எழுதினார். முகவருக்கு அது புதிய விடயமாக இருந்திருக்காது. சேவைக்காலத்தைக் கணக்குப் பார்த்து விலகுபவர்களைப் பொறுப்பற்றவர்கள் என்று யாரும் நினைப்பதில்லை.

மின்னஞ்சல் போன ஐந்தாம் நாள் தொலைபேசி அழைப்பு வந்தது. அதே கேள்வியைத் திரும்பக் கேட்டார்களாம். எழுதியதையே சொல்லியிருக்கிறார். பிறகு, கோழி வளர்ப்புத் திட்டம் ஒன்றில் என்ன பிழை நடந்தது என்று உதாரணம் கேட்டபோது, அந்த அம்மாவின் கதையைச் சொன்னாராம். "கஞ்சியை மட்டும் சொல்லேல்லை" என்றார்.

நேர்முகத்துக்குக் கூப்பிட்டிருக்கிறார்கள். ஆனால், ஆறு கிழமைக்குள் வேலையில் இணைய வேண்டுமாம். 150,000 ரூபாவை விடுவதா, காத்திருந்து வேறு இடம் பார்ப்பதா என்று அம்மாவுடன் இருந்து கணக்குப் பார்த்துக்கொண்டிருக்கிறார்.